முத்திரை: இல்லை

அந்தப் பட்டியலின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு தாள்கள். முதல் தாளின் தலைப்பில் ஆண்டு 2602 என்று எழுதி, கடைசி இரண்டை மூன்றாகத் திருத்தியிருக்கிறேன். ஜப்பானியரின் கணக்குப்படி ஆண்டை எழுத வேண்டியிருந்த காலம் அது; 2602 என்றால் 1942. மார்கழி முதல் பாதியில் தொடங்கிய வேலை புத்தாண்டைத் தாண்டி முடிந்ததால் வந்த திருத்தம். எந்தக் கிழமை முடிந்தது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை கருத்து வேற்றுமை உண்டு. வியாழன் என்கிறேன் நான். வெள்ளி என்கிறாள் அவள். அன்று வீட்டில் விளக்கு மாடத்துக்குப் பூ வைத்தது நினைவிருக்கிறதாம். நாட்குறிப்பு எழுதும் வழக்கமுள்ள நான் அந்த இரண்டு நாளும் ஒன்றும் எழுதவில்லை. அதனால் அவள் சொல்வதை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

மலாக்காவில், ஜாலான் பெண்டஹாராவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மின்சாமான் கடையில் நான் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். கடை ஒரு சீனத் தவுக்கேயுடையது; முதலாளியை அப்படித்தான் சொல்வோம். போர் வந்தபோது சரக்கு எடுக்கச் சிங்கப்பூர் போனவர் திரும்பவே இல்லை. அவர் மனைவியை எல்லாரும் ஞோஞா என்று அழைப்போம். தினமும் காலையில் வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். விற்பதற்கு அதிகம் இல்லை. வாங்க ஆளும் இல்லை. வயர்மேன் அண்ணன் ஒருவர் இருந்தார். தோட்டத்து ரப்பர் ஆலையில் வயர் இழுத்துப் பழகி டவுனுக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைக் கிராணி என்பார், கோபம் வந்தால் கிராணியாரே என்பார்.

உத்தரவு மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தது. கடையிலும் கிடங்கிலும் இருக்கும் மின்சாமான் ஒவ்வொன்றையும் எழுதித் தர வேண்டும். எட்டுப் பத்திகள்: சாமானின் பெயர், செய்த நாடு, வோல்ட், வாட், பிளக் அல்லது பல்புத் தலையின் வகை, பாதுகாப்பு முத்திரை, எண்ணிக்கை, இந்த ஊர் மின்சாரத்துக்கு ஆகுமா ஆகாதா. மின்சார இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து சரிபார்த்து முத்திரை குத்தும்வரை ஒரு திருகாணிகூடக் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. ஊர் மின்சாரத்துக்கு ஆகும் சாமான்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நூறு வோல்ட் சாமான்கள், கடலோரத்தில் சொந்த ஜெனரேட்டர் ஓடிய அதிகாரிகள் விடுதிக்குப் போகும். எதற்கும் ஆகாதது மட்டும் கடைக்கு மிஞ்சும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். ஒரு பிளக்கைக் கையில் எடுத்தால் அது எந்த நாட்டுச் சுவருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். மூன்று உருண்டைக் கால் இருந்தால் இங்கிலாந்து. அதே மூன்று கால் எங்கள் ஊருக்கும் ஆகும், இருநூற்று முப்பது வோல்ட். இரண்டு உருண்டைக் கால் மட்டும் இருந்தால் ஐரோப்பியக் கண்டத்தில் ஏதோ ஒரு நாடு, பெரும்பாலும் இருநூற்று இருபது. இரண்டு தட்டைக் கால் இருந்தால் அமெரிக்கா அல்லது ஜப்பான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்னது நூற்றுப் பத்து, பின்னது நூறு. பல்புகளிலும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பல்பு இரண்டு முளைகளோடு அழுத்தித் திருப்பி மாட்டும் வகை. அமெரிக்க, ஜப்பானியப் பல்புகளுக்குத் திருகுத் தலை.

முத்திரைகள் இன்னும் சுவாரசியம். இங்கிலாந்துச் சாமான்களில் நூலில் பறக்கும் பட்டம் போல ஒரு குறி. ஜெர்மனிச் சாமானில் முக்கோணத்துக்குள் எழுத்து. ஜப்பானியச் சாமானில் ஆங்கில டி எழுத்தின் தலைமேல் இன்னொரு கோடு. தபால் இலாகாவின் குறி அது, அங்கே மின்சாரமும் அதே இலாகாவின் பொறுப்பாம். ஒன்றுமில்லாத சாமான்களும் இருந்தன. அவற்றுக்கு நேராக, பட்டியலின் ஆங்கிலத்தில், 'இல்லை' என்று எழுதுவேன். வேகமாக எழுதியதில் அந்தச் சொல் தாளுக்குத் தாள் சிறுத்துக்கொண்டே போயிருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். ஜப்பானில் செய்தது என்று கண்ட பல்பையெல்லாம் நூறு வோல்ட் வரிசையில் போட்டேன். வயர்மேன் அண்ணன்தான் பிடித்தார்.

"கிராணி, இத மூஞ்சப் பாத்து எழுதுறியா, தலையப் பாத்து எழுதுறியா? இங்க விக்கிறதுக்குன்னே அவன் செஞ்சு அனுப்புனது. ரெண்டு முளை இருக்கு பாரு. இருநூத்து முப்பது."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. போருக்கு முன் மலிவாக வந்து குவிந்த பல்புகள் அவை. பிறந்த நாடு ஒன்று, வாழப்போகும் நாடு வேறு. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். அட்டைப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்புவதில்லை. ஒவ்வொரு பல்பையும் வெளியே எடுத்து, கண்ணாடியின் நெற்றியில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் படித்த பிறகே எழுதுவது. அந்த விதியை ஏழு தாள்களில் ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

நானும் மனைவியும் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வீட்டுக்காரம்மா மலாக்காவில் பல தலைமுறையாக வேரூன்றிய செட்டி சமூகத்தவர். கொண்டை, குங்குமம், வாசலில் மாவிலை எல்லாம் எங்களைப் போலவே. பேச்சு மட்டும் மலாய். நடுவில் அக்கா, மாமா என்று நம் சொற்கள் வந்து விழும். அவர் பேறுகால மருத்துவச்சி. அத்தை என்ற பொருளில் மாக்சிக் என்று அழைப்போம்.

பட்டியல் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் என் மனைவிக்கு வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது. குழந்தை மாக்சிக்கின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகியது. மருத்துவமனையில் சேர்க்க வழியில்லை. இடமெல்லாம் படைக்குப் போயிருந்தது. மாக்சிக் ஒரு பால் டின் மரப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கம்பி வலையால் ஒரு தட்டு அமைத்து, மேலே இலவம் பஞ்சும் பழைய மல் துணியும் விரித்தார். வலைக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு பல்பு. மேலே ஒரு பலகை மூடி.

"பானாஸ் ஜாங்ஙான். சுவாம் சாஜா," என்றார். சூடு கூடாது, வெதுவெதுப்பு மட்டும்.

வீட்டிலிருந்த ஒரே அறுபது வாட் பல்பைக் கழற்றி அந்தப் பெட்டிக்குக் கொடுத்தோம். பன்னிரண்டு நாள் இரவும் பகலும் அது எரிந்தது. நாங்கள் எண்ணெய் விளக்கில் சாப்பிட்டோம். என் மனைவி பஞ்சுத் திரியை முலைப்பாலில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். மூடியை எவ்வளவு திறந்து வைப்பது என்பதற்கு அவளே ஒரு கணக்கு வைத்திருந்தாள். மழை நேரத்தில் ஒரு விரல் இடைவெளி. வெயிலில் இரண்டு விரல். நான் வேலையிலிருந்து வந்ததும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் இடைவெளியைத்தான் பார்ப்பேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை, நான் கடைக்குப் புறப்படும்போது அந்தப் பல்பு உயிரை விட்டது. சத்தமில்லை. பெட்டியின் பலகை இடுக்குகளில் தெரிந்த வெளிச்சம் போயிற்று, அவ்வளவுதான். வெளியே நல்ல மழை. மாக்சிக் கரி அடுப்பில் வெந்நீர் வைத்துப் போத்தலில் ஊற்றத் தொடங்கினார். கரி அன்றைக்கு மட்டும்தான் இருந்தது. என் மனைவி குழந்தையை மார்போடு சேர்த்துச் சாரோங்கால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கடையில பல்பு இருக்குல்லங்க?" என்றாள்.

இருந்தது. எங்கள் ஊருக்கு ஆகும் அறுபது வாட் பல்பு பதினொன்று, இரண்டாம் தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது.

கடையில் வயர்மேன் அண்ணனிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பதினொண்ண பத்துன்னு எழுது. யாருக்குத் தெரியும்?"

"பழைய சரக்குப் புத்தகத்தையும் கேட்டிருக்காங்கண்ணே. அதுல பதினொண்ணுன்னு இருக்கு. ஒண்ணு கொறஞ்சா யார அடிப்பாங்க? நம்மளையா?"

அவர் திரும்பி ஞோஞாவைப் பார்த்தார். அந்த அம்மாள் விசிறியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் பதினொன்று, பத்து என்ற பேச்சின் தொனி தெரிந்திருக்கும். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத பெண். பட்டியலின் அடியில் கடைக்காரர் என்ற இடத்தில் இந்த அம்மாளின் பெயர்தான் இருந்தது.

"அப்ப எதுக்கும் ஆகாததுல பாரு," என்றார் அண்ணன். "அத எப்படியும் நமக்குத்தானே விட்டுட்டுப் போவான்?"

எதற்கும் ஆகாத சாமான்கள் ஆறாம் தாளில் இருந்தன. கப்பல் உடைத்த இடத்திலிருந்து தவுக்கே என்றோ வாங்கிப் போட்டவை. அதில் நூற்றுப் பத்து வோல்ட் அமெரிக்கப் பல்புகள் நான்கு: இருபத்தைந்து வாட் இரண்டு, அறுபது வாட் இரண்டு, எல்லாம் திருகுத் தலை; விடுதியின் நூறு வோல்ட்டில் மங்கலாகவே எரியும் என்று ஒதுக்கியவை. அவற்றுக்குப் பித்தளை ஹோல்டர் இரண்டும் இருந்தன. நூற்றுப் பத்து வோல்ட் பல்பை எங்கள் ஊர் மின்சாரத்தில் மாட்டினால் ஒரு மின்னல் அடித்துப் போய்விடும். ஆனால் ஒரே வாட் உள்ள இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், இருநூற்று முப்பதை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். நூற்றுப் பதினைந்து. கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் தாங்கும். இருபத்தைந்தும் இருபத்தைந்தும் சேர்ந்தால் பழைய பல்பின் வெதுவெதுப்புக்கு ஏறக்குறைய சரியாக வரும். கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டு அண்ணனிடம் காட்டினேன்.

"கணக்கெல்லாம் சரி. குடு, ஓடிப் போய் மாட்டிட்டு வரேன்," என்றார்.

இருபத்தைந்து என்று எழுதியிருந்த பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த இரண்டையும் ஹோல்டர்களோடு அவர் பையில் போட்டேன். வெளியே எடுத்துப் படிக்கவில்லை. அந்த நான்கு பல்பையும் பட்டியலில் எழுதியபோது படித்துப் பார்த்தவன்தான் நான். படித்த பிறகு பெட்டிகளில் மாற்றிப் போட்டதும் நான்தான். குழந்தை பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதை ஒரு காரணமாக என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தார். "எரியுது. ஒன் பொண்டாட்டி என்ன சொல்லுது தெரியுமா? ஒரு பல்பு சண்டக்காரியாம், ஒரு பல்பு தூங்குமூஞ்சியாம்."

இரண்டும் ஒரே வாட்டாக இருந்தால் ஒரே மாதிரி எரிய வேண்டும். ஒன்று வெள்ளையாகக் கண்ணைப் பறித்து, மற்றது செம்மையாக மங்கினால், வாட் வேறு என்று பொருள். அப்படிக் கோக்கும்போது சிறியதன் தலையில்தான் வோல்டின் பெரும்பங்கு விழும். மீதிப் பெட்டியைத் திறந்தேன். அறுபது என்று எழுதிய பெட்டிக்குள் ஒன்று அறுபது, ஒன்று இருபத்தைந்து. கண்ணாடி இரண்டுக்கும் ஒரே அளவு.

ஓடினேன். மழையில் ஜாலான் துக்காங் எமாஸ் கோவிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டி இருட்டாக இருந்தது. சற்று முன்தான் சிறியது வெடுக்கென்று போயிற்றாம். கோத்திருந்ததால் மற்றதும் அணைந்துவிட்டது.

என் மனைவி மறுபடியும் சாரோங்குக்குள் குழந்தையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "கால் தாங்க சில்லுன்னு இருக்கு. மத்ததெல்லாம் இருக்கு," என்றாள். எரிந்துபோன பல்பைக் கழற்றி, நெற்றியில் இருபத்தைந்து என்று இருந்ததைப் படித்தேன்.

"தப்பு என்னோடது," என்றேன். "பெட்டிய நம்பிட்டேன்."

"சரி. இப்ப என்ன பண்ணலாம்?"

ஒரே வாட்டில் ஜோடியாக மிஞ்சியது இரண்டு அறுபது. ஒன்று வீட்டில், ஒன்று கடையில். கடைக்குப் போய், இந்த முறை நெற்றியை மூன்று தடவை படித்து, எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணனும் வந்து மாட்டிக் கொடுத்தார். இரண்டும் ஒரே மஞ்சளாக, சமர்த்தாக எரிந்தன. ஆனால் இப்போது சூடு இரண்டு மடங்கு. பல்புகளை வலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெட்டியின் கோடியில் வைத்தோம். மாக்சிக் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். என் மனைவி மூடியை நான்கு விரல் அளவுக்குத் திறந்து, இடையில் ஒரு மரக்கரண்டியை முட்டுக் கொடுத்தாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் குழந்தையின் கால் வெதுவெதுப்பானது.

அடுத்த பிரச்சினை காலையில் காத்திருந்தது. அதிகாரி ஒன்பது மணிக்கு வருவார், தோக்கியோ நேரம். அந்த ஒன்பது எங்கள் ஊர்ப் பழைய கணக்கில் ஏழரை. நான்கு பல்பும் இரண்டு ஹோல்டரும் கடையில் இருக்க வேண்டும். ஒரு பல்பை எடுத்தாலும் இரண்டும் அணையும். கரி இல்லை. மழை விடவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க அவள் மார்புச் சூட்டில் வைத்திருக்கலாம்தான். ஆனால் முந்தின நாள் அந்தச் சிறு நேரத்திலேயே கால் சில்லிட்டிருந்தது.

விடிந்ததும் கடைக்குப் போய் ஆறாம் தாளை எடுத்தேன். 'இந்த ஊர் மின்சாரத்துக்கு ஆகுமா' என்ற பத்தியில் அந்தப் பல்புகளுக்கு 'ஆகாது' என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, 'ஒரே வாட் உள்ள இரண்டைக் கோத்தால் ஆகும்' என்று எழுதினேன். அதன் கீழே: 'அறுபது வாட் இரண்டும், ஹோல்டர் இரண்டும் கிராணியின் வீட்டில், குறைமாதக் குழந்தைக்காக எரிகின்றன. இருபத்தைந்தில் ஒன்று எரிந்துபோனது. கடைக்காரருக்குத் தெரியாது. தவறு என்னுடையது.' என் பெயரெழுதிக் கையெழுத்திட்டேன். எரிந்துபோன பல்பை அதன் பெட்டியிலேயே வைத்தேன்.

அண்ணன் படித்துப் பார்த்தார். "கிராணியாரே, ஒங்களுக்குப் பைத்தியமா? ஆகாதுன்னே விட்டுருந்தா அவன் அந்தப் பெட்டியத் தொறக்கவே மாட்டான்."

"தொறந்தா?"

"தொறந்தா, நாந்தான் ஒடச்சேன்னு சொல்லிட்டுப் போறேன். தோட்டத்துல வாங்காத அடியா?"

அதற்குள் வாசலில் வண்டி நின்றது.

அதிகாரி சிறிய மனிதர். படையுடுப்பில் இருந்தாலும் விரல் நகங்களுக்குள் கறுப்பு இருந்தது. மின்சார வேலை தெரிந்தவர் என்று அதிலேயே புரிந்தது. பட்டியலில் ஆங்காங்கே விரலை வைத்து, அந்தச் சாமானை எடுக்கச் சொல்லி, நெற்றியில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் ஒத்துப் பார்த்தார். நான்கு தாள் வரை எல்லாம் ஒத்திருந்தது. ஐந்தாம் தாளில் ஜப்பானியச் சாமான்கள். ஊரில் கடை வைத்திருந்த ஒரு ஜப்பானியர் போருக்கு முன் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனவை. அதில் தபால் குறி போட்ட பீங்கான் ஹோல்டர் பன்னிரண்டு. ஒன்றை எடுத்துக் குறியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். ஆறாம் தாள் வந்தது. நான் எழுதியதைப் படித்தார். ஆங்கிலம் மெதுவாகத்தான் படித்தார்.

"மானா?" என்றார். எங்கே?

"ரூமா," என்றேன். வீட்டில்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்து மேசைக்கடியில் போயிற்று. ஞோஞா எழுந்து நின்றுவிட்டார். அதிகாரி அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். நான் எழுதியிருந்த 'தெரியாது' என்ற வரியை விரலால் ஒரு தரம் தட்டினார். பிறகு அண்ணனின் கருவிப் பையைச் சுட்டிக்காட்டி, எங்கள் இருவரையும் முன்னே நடக்கச் சொன்னார்.

காஜா பெராங் வரை மழையில் நடந்தோம். அண்ணன் மட்டும் வாய்க்குள்ளேயே, "வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க, கைகால் பட்டுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிகாரி காலணியை வாசலில் கழற்றினார். மாக்சிக் கதவை மறித்து நின்றார். அவர் நின்ற வேகத்தில் அதிகாரியே ஓர் அடி பின்வாங்கிவிட்டு, வெறும் கையை விரித்துக் காட்டினார். உள்ளே என் மனைவி பெட்டிக்கருகில் ஓர் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் துணியை அப்போதுதான் மாற்றியிருந்தாள். அதிகாரி மண்டியிட்டுக் குனிந்தார். குழந்தையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பல்புகளைத்தான் பார்த்தார். இரண்டின் நெற்றியையும் படித்து, "சாமா," என்றார். ஒரே அளவு.

பிறகு ஹோல்டரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஆங்காட்! ஆங்காட்!" என்று குழந்தையைத் தூக்கச் சொன்னார். என் மனைவி அள்ளிக்கொண்டு சுவரோரம் போனாள். இனி என்ன செய்வாரோ என்று அண்ணன் பையிலிருந்த சுத்தியலைப் பிடித்ததை நான் கண்டேன்.

அதிகாரி கேட்டது சோதனைப் பல்பை. ஒரு ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர் முனை, அவ்வளவுதான். வயர்மேன் எல்லாரிடமும் இருக்கும். ஒரு முனையைச் சன்னலுக்கு வெளியே ஈர மண்ணில் குத்தி நின்ற மண்வெட்டியில் கட்டச் செய்தார். மறுமுனையைப் பெட்டிக்குள் இருந்த முதல் பல்பின் பித்தளைக் கழுத்தில் வைத்தார். அந்த ஹோல்டர்கள் குட்டையானவை. பல்பைத் திருகிய பிறகும் கழுத்து விரற்கடை வெளியே தெரிந்தது.

சோதனைப் பல்பின் இழை சிவந்தது.

அண்ணன் "ஐயோ" என்றார். அவர் கையிலிருந்த சுத்தியல் தரையில் விழுந்தது.

அவர் தவறு என்று அதைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பல்பில் இரண்டு முனையும் உள்ளே மறைந்திருக்கும். எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான். அப்படியே பழகிய கை. திருகுத் தலையில் நடுப்பொட்டு ஒரு முனை, கழுத்தே மறுமுனை. மின்சாரம் வரும் வயரை நடுப்பொட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கழுத்து முழுக்க மின்சாரம் நிற்கும். அந்தக் கழுத்துக்கு நான்கு அங்குலத்தில்தான் என் மனைவி ஈரத் துணியோடு கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஆறாம் தாளை மடித்து எடுத்து வந்திருந்தார். விரித்து என்னிடம் நீட்டி, பித்தளை ஹோல்டர் வரிசையில், பாதுகாப்பு முத்திரை என்ற பத்தியில் விரலை வைத்தார். நான் எழுதிய சிறு எழுத்து: 'இல்லை.' அறையும்போது சொல்லாத ஏதோ ஒன்றை இப்போது தன் மொழியில் நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. எல்லாம் புரிந்தது.

அவர் அண்ணனிடம் ஏதோ சாடை காட்டினார். அண்ணன் ஓடினார். கடைக்குப் போய் ஐந்தாம் தாளையும், கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து தபால் குறி போட்ட பீங்கான் ஹோல்டர் இரண்டையும் கொண்டுவந்தார். அதிகாரிகள் விடுதிக்குப் போக வேண்டியவை அவை. ஆழமானவை. பல்பைத் திருகினால் கழுத்து முழுதும் பீங்கானுக்குள் மறைந்துவிட்டது. அதிகாரி தானே உட்கார்ந்து வயர் கோத்தார். கூரையின் பல்புக் குழியில் மாட்டியிருந்த முனையைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு, மறுபடி மண்வெட்டி வைத்துச் சோதித்தார். முதல் பல்பின் கழுத்துப் பக்கம் இப்போது மின்சாரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் பாதி மின்சாரம் எப்படியும் இருக்கும் என்பதால் அந்த இடத்தை டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றினார். மூடியை வைத்தார். மரக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, எவ்வளவு என்பது போல என் மனைவியைப் பார்த்தார்.

அவள் நான்கு விரலைக் காட்டினாள்.

குழந்தையைத் திரும்பப் பெட்டியில் விட்டபோதுதான் அவர் அதைப் பார்த்தார். ஓரிரு நொடி. எழுந்து காலணி போட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல் லாரி வந்து, ஊர் மின்சாரத்துக்கு ஆகும் சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிற்று. அறுபது வாட் பல்பு பதினொன்றும் போயின. ஞோஞாவின் கடையில் அலமாரிகள்தான் மிஞ்சின. ஏற்றும்போது மேற்பார்வை பார்த்தவர் அதே அதிகாரிதான், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுகூட விடாமல். ஞோஞா கடைசிவரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் போன பிறகு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "குழந்தை?" என்று மட்டும் மலாயில் கேட்டார். நலம் என்றேன். தலையசைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் போகி வந்தது. கம்போங் செட்டியில் அன்று முன்னோருக்குப் படையல். மாக்சிக் வாழையிலைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து முனகல் இல்லை, அழுகை வந்தது. வாசல்வரை கேட்கும் அழுகை. இலைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "பாகுஸ், பாகுஸ்! நல்லாக் கத்து!" என்றார். நான்கு சொல்லில் முதல் இரண்டும் 'நல்லது' என்னும் மலாய், மற்ற இரண்டும் எங்களுக்காக. நான் பெட்டியின் மூடியைப் பார்த்தேன். ஆறு விரல் இடைவெளி. மாசி பிறந்த பிறகு மூடியே தேவைப்படவில்லை.

கடைக்கு விட்டுப்போன நகலிலும் அவர் திருத்தங்கள் உண்டு. ஐந்தாம் தாளில் பீங்கான் ஹோல்டர் வரிசையில் 12 என்ற எண் அடிக்கப்பட்டு 10 என்று ஆகியிருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் அவருடைய சிறிய முத்திரை. ஆறாம் தாளில், என் வாக்குமூலத்துக்கு நேராக, அவர் கையெழுத்தில் சில எழுத்துகள். மன்னித்தார் என்றோ, குழந்தைக்கு வாழ்த்து என்றோ ஏதாவது இருக்கும் என்று என் மனைவி வெகு காலம் நம்பினாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மொழி படித்த ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஹோல்டர் பீங்கானாக மாற்றப்பட்டது," அவ்வளவுதானாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "அதுக்கு மேல என்ன எழுதணும்?" என்றாள்.

அந்தப் பெட்டியில் வளர்ந்த எங்கள் மகள் அந்தத் தாள்களை ஒரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். எட்டுப் பத்திகளையும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, 'இல்லை' என்ற அந்தச் சொல்லில் விரலை வைத்து, ஏன் இதை மட்டும் இத்தனை சின்னதாக எழுதினீர்கள் என்று கேட்டாள். அவசரம் என்றேன்.